ஐந்து லட்சத்துக்கு மேல்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் தெருவில் அதைச் சொல்லிக் கேட்டால் எந்த வீடு என்று யாருக்கும் தெரியாது. "சதவீதம் வீடா?" என்றால்தான் கை நீட்டிக் காட்டுவார்கள். பெயிண்ட் கடையில் நிறம் கலப்பது அவர் வேலை. வாடிக்கையாளர் வெள்ளை கேட்டால் வெறும் வெள்ளை கொடுத்து அனுப்ப அவருக்கு மனசு வராது. "வெறும் வெள்ளை கண்ணைக் கூசும் சார், அரை சதவீதம் மஞ்சள் விடறேன்" என்பார். சளி பிடித்தால்கூட "நேத்தைக்கு இன்னைக்கு இருபது சதவீதம் பரவாயில்லை" என்று சொல்கிற மனுஷர்.

அவர் மனைவி வீட்டிலேயே ஜன்னல் திரை தைப்பாள். தையல் மெஷினுக்கும் சாப்பாட்டுக்கும் ஒரே மேஜை. துணியைச் சுருட்டி வைத்தால்தான் தட்டு வைக்க இடம் கிடைக்கும். மெயின் ரோட்டில் கடை எடுக்க வேண்டும் என்று பல வருஷமாகத் தைத்துத் தைத்து இரண்டு லட்சம் சேர்த்து, தன் பெயரில் ஆறரை சதவீத வட்டிக்கு ஃபிக்ஸட் டெபாசிட் போட்டிருந்தாள்.

அந்த வருஷம்தான் அவர் கணக்கு வைத்திருந்த வங்கியில் ஒரு விளம்பரப் பலகை மாட்டினார்கள். சேமிப்புக் கணக்கு வட்டி: ஒரு லட்சம் வரை மூன்று சதவீதம், ஒன்றிலிருந்து ஐந்து லட்சம் வரை நான்கு, ஐந்து லட்சத்துக்கு மேல் ஏழு. கடைசியில் உள்ள ஏழு என்ற எண்ணை மட்டும் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள். மூன்றும் நான்கும் எறும்பு சைஸில் கிடந்தன.

சதவீதம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கணக்கில் நான்கு லட்சம் இருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தார்.

"உன் ரெண்டையும் என் நாலோட சேர்த்தா ஆறு. அஞ்சுக்கு மேல போயிடுது. ஆறு லட்சத்துக்கு ஏழு சதவீதம்னா வருஷம் நாப்பத்திரெண்டாயிரம்!"

"மேலன்னா, அஞ்சுக்கு மேல இருக்கிற பணத்துக்கு மட்டும்தானோ என்னவோ. கேட்டீங்களா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? வெள்ளை டப்பாவுல ஒரு சொட்டுக் கறுப்பு விழுந்தா மேலாப்புல மட்டுமா நிறம் மாறும்? டப்பா முழுக்க மாறும்."

இருபது வருஷமாக டப்பாவுக்குள்ளேயே பார்த்துப் பழகிய கண். உலகத்தில் எதை எதோடு சேர்த்தாலும் கலந்துதான் தீரும் என்பது அவர் சித்தாந்தம். அவளுக்கு மனசில்லை. ஆனாலும் தினமும் சோற்றோடு சோறாக நாற்பத்திரண்டாயிரத்தையும் பரிமாறினால் யார்தான் தாங்குவார்கள்? டெபாசிட்டைப் பாதியில் முறித்தாள். முறித்ததற்காக வட்டியில் ஒரு சதவீதம் பிடித்துக்கொண்டார்கள். "தூண்டில்ல புழு வைக்காம மீன் வருமா?" என்று அவர் சமாதானம் சொன்னார். காலாண்டு பிறந்த முதல் நாளே இரண்டு லட்சமும் அவர் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஆறு லட்சம் குடியிருந்தது. மனிதர்கள் அதற்குக் காவல் இருந்தார்கள். ஐந்துக்குக் கீழே ஒரு நாள் இறங்கினாலும் மொத்த நிறமும் வெளுத்துவிடும் என்று அவருக்குப் பயம். குளிர்சாதனப் பெட்டி தண்ணீர் விட்டது. கீழே துணி வைத்தார். பல் வலித்தது, கிராம்பு கடித்தார். ஐந்துக்கு மேலே ஒரு லட்சம் தாராளமாக இருந்தும், அதைத் தொட்டால் தொட்டதே பழக்கமாகிவிடும் என்றார். பணம் இல்லாதவன் கஷ்டப்படுவதைப் பார்த்திருக்கிறோம். பணத்தை உள்ளே வைத்துக்கொண்டு தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷரை அந்தத் தெரு அப்போதுதான் பார்த்தது.

காலாண்டு முடிய மூன்று வாரம் இருக்கும்போது மெயின் ரோட்டில் மருந்துக்கடைக்குப் பக்கத்து அறை காலியானது. பெரிய கண்ணாடி முகப்பு. திரையை மாட்டிக் காட்ட அதைவிட வாகான இடம் கிடைக்காது. மருந்துக்கடைக்காரருடைய அறைதான். அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் கேட்டார். அவள் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"என்னங்க, ஒன்றரை எடுத்துக் கொடுங்க. இன்னைக்கே கொடுத்தா ரூம் நமக்குன்னு சொல்றாரு."

"ஒன்றரை போனா நாலரை! அஞ்சுக்குக் கீழ போயிடுமே. மூணு வாரம் பொறு. வட்டி விழட்டும், மறுநாளே எடுத்துத் தரேன்."

"அவர் காத்திருக்க மாட்டாருங்க. அது என் காசு."

"இல்லைன்னு யார் சொன்னா? என் கணக்குல இருக்கிற உன் காசு."

அவள் திரும்பிப் போய்த் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். அதைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். நாலாம் நாள் அந்த அறையில் செல்போன் ரிப்பேர்க்காரர் போர்டு மாட்டினார். அவள் காய்கறி வாங்கி வரும்போது அதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். குழாயைத் திறந்துவிட்டிருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை.

காலாண்டு வட்டி விழுந்தது. பத்தாயிரத்து ஐந்நூறு எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவருக்கு, ஆறாயிரத்து ஐந்நூறு சொச்சம் என்று குறுஞ்செய்தி வந்தது. நாலாயிரத்தைக் களவாடிவிட்டார்கள் என்று கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வங்கிக்குக் கிளம்பினார். "நானும் வரேன்" என்று மனைவியும் கிளம்பினாள். சாட்சிக்கு ஆள் இருப்பது நல்லதுதான் என்று அவர் நினைத்தார்.

கவுன்ட்டரில் இருந்த பெண் அவர் சத்தத்தை முழுசாகக் கேட்டு முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"கணக்கு சரியாத்தான் சார் இருக்கு. முதல் ஒரு லட்சத்துக்கு மூணு சதவீதம், வருஷத்துக்கு மூவாயிரம். அடுத்த நாலு லட்சத்துக்கு நாலு சதவீதம், பதினாறாயிரம். அஞ்சுக்கு மேல உங்ககிட்ட இருக்கறது ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்துக்குத்தான் ஏழு. மொத்தம் இருபத்தாறாயிரம். அதுல கால் பங்கு இது."

"ஆறு லட்சமும் ஒரே கணக்குலதானேம்மா இருக்கு? எல்லாம் கலந்துதானே கிடக்கு?"

"கலக்காது சார். இது பெயிண்ட் இல்ல. சில வங்கியில மொத்தத்துக்கும் ஒரே வட்டி தர்றதும் உண்டு, நம்ம வங்கியில அப்படி இல்லை. சேர்க்கிறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாம்."

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சட்டைக் கையில் கடைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

மனைவி முன்னால் வந்தாள். "ஆறரைக்கு டெபாசிட்ல இருந்த என் ரெண்டு லட்சத்தை இவர் கணக்குல சேர்த்தோம். அதனால எவ்வளவு லாபம்மா?"

"டெபாசிட்லயே இருந்திருந்தா வருஷம் பதிமூணாயிரம் வந்திருக்கும். இங்க வந்ததால கூடினது பதினோராயிரம். ரெண்டாயிரம் நஷ்டம்தான். முறிச்சதுக்குப் பிடிச்சது தனி."

சதவீதம் தொண்டையைச் செருமினார். ஒரு மனுஷனுக்குக் கொஞ்சமாவது வெட்கம் வர வேண்டிய நேரம் அது. அவருக்கு வந்தது வேறு யோசனை. "அப்ப, மேல இருக்கிற பங்கைக் கூட்டினாத்தான் லாபம். உங்க அண்ணன்கிட்ட ஒரு நாலு லட்சம் இருக்கில்ல..." என்று மனைவி பக்கம் குனிந்தார்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. "என் பேர்ல புதுசா ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கணும்மா. இவர் இப்பவே அதுல ரெண்டு லட்சத்தை மாத்திடுவாரு."

"அதுல அவ்வளவா வட்டி வராதுடி" என்றார் அவர், உண்மையான பதற்றத்தோடு. "டெபாசிட்லயாவது போடு. சும்மா போட்டா மூணும் நாலும்தான். உனக்குத்தான் நஷ்டம்."

"ஃபாரத்துல உங்களோட வேற யார் பேரையாவது சேர்க்கணுமா மேடம்?" என்று கவுன்ட்டர் பெண் கேட்டாள்.

"வேண்டாம்மா" என்றாள் அவள். "வட்டி கம்மியா வந்தாலும் பரவாயில்லை. அடுத்த தடவை ஒரு ரூம் காலியானா, யாரையும் கேக்காம எடுக்கணும்."