செலினா அண்ணி எழுந்திருக்காத ஞாயிறு

செய்தி வந்தபோது அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. துறைமுகத்துக்கு வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் ராயபுரத்திலிருந்து போன் செய்தார். "அக்கா போய்ட்டா" என்றார். அவருடைய அக்காதான் என் செலினா அண்ணி. எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. வளர்ந்த பெண்ணும் அடுத்தாற்போல் ஒரு பையனும் உள்ள வீடு இது. இனி எனக்கு ஒன்று என்றால் யாரிடம் ஓடுவேன்?

அண்ணியைத் தெரிந்தவர்களுக்கு அவர் குரலையும் தெரியும். ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாங்களும் ஞாயிறு பூசைக்குப் போகும் ராயபுரம் கோயிலின் மாதர் சங்கத் தலைவி. பூசையில் பைபிள் வாசகம் வாசித்தால் மைக் வேண்டாம். கல்யாணமான புதிதில் அந்தக் குரலுக்குப் பயந்து நான் ராயபுரம் பக்கமே போகாமல் இருந்திருக்கிறேன். அந்தக் குரலை அவர் எவ்வளவு தணிக்கக்கூடியவர் என்பதை ஈஸ்டருக்கு முந்தைய ஒரு தவக்காலத்தில்தான் பார்த்தேன்.

அப்போது என் மகள் ஒன்பதாம் வகுப்பு. தன் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லித்தான் இதை எழுத அனுமதி தந்தாள், எழுதவில்லை. அந்தத் தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் வரிசையில் போனபோது அவள் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். உடம்பு சரியில்லை போலும் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் எழுந்திருக்கவில்லை. எங்கள் சனத்துக்கு இது என்ன என்று தெரியும். பெரிய பாவம் செய்தவர்கள்தான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்புப் பெறும்வரை அப்படி உட்காருவார்கள். பின்பெஞ்சிலிருந்த ஒருத்தி வெளியே வந்ததும், "பொண்ணு ஏன் போவல?" என்று கேட்டேவிட்டாள்.

பதினான்கு வயதுப் பெண் அப்படி என்ன பாவம் செய்திருப்பாள்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளும் சரியாகத் தூங்குவதில்லை. தூக்கத்துக்கே பயந்தவள்போல் விழித்துக் கிடந்து, காலையில் சிவந்த கண்ணோடு பள்ளிக்கூடம் போனாள். அவள் போனை எடுத்துத் துழாவினேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது இன்னும் பயமாக இருந்தது. ஒரு தாய் எதற்குப் பயப்படுவாளோ அதற்கெல்லாம் பயந்தேன். யாருக்கும் தெரியாமல் வண்ணாரப்பேட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் பரிசோதனைக்குக் கூட்டிப்போவதென்று முடிவே செய்துவிட்டேன். வீட்டுக்காரர் காதில் விழுந்தால் படிப்பை நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவார். அதற்குள் நானே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வேகம்.

அண்ணிக்குப் போன் செய்து அழுதேன். முழுவதும் கேட்டுவிட்டு, "டாக்டராண்ட போவாத. இன்னும் ஒரு வார்த்தகூட அவள கேக்கல நீ. நான் வர்றேன்" என்றார்.

சனிக்கிழமை ஒரு பை இறாலோடு திருவொற்றியூருக்கு வந்து இறங்கினார். என்னைச் சமையலறையில் மசாலா அரைக்கச் சொல்லிவிட்டு, என் மகளைக் கூடத்தில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். இரண்டு பேரும் இறால் உரித்தார்கள். அண்ணி அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, கையிலிருந்த இறாலையே பார்த்துக்கொண்டு பேசினார். தூக்கம் வரவில்லையா என்று மட்டும் கேட்டார். கனவு வருகிறது என்றாள். உடனே, தான் பள்ளியில் படித்தபோது பாவாடையை மறந்து பிரேயரில் நிற்பதாகக் கனவு வரும் என்றும், இப்போதுகூடக் கோயில் நிறைய ஆள் இருக்க, வாசகம் வாசிக்கப் போய்க் குரலே எழும்பாமல் நிற்பதாக வரும் என்றும் அண்ணி சொன்னார். அந்தக் குரலா எழும்பாது என்று நினைத்தோ என்னவோ, என் மகள் சிரித்தாள். பிறகு அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

யூனிபார்ம் இல்லாமல் வகுப்பில் நிற்கிறாளாம், எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்களாம். பஸ்ஸில் தோழிகள் ஏறிவிட்டு, யாரென்றே தெரியாதவர்கள்போல் இவளை விட்டுவிட்டுப் போகிறார்களாம். மூன்றாவதைச் சொல்ல வெகுநேரம் ஆயிற்று. கனவில் ஒரு ஆள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

நான் கரண்டியோடு சமையலறை வாசற்படிக்கு வந்துவிட்டேன். யார் என்று கேட்க வாய் திறந்தேன். அண்ணி தலை நிமிராமலே இறால் கையை என் பக்கம் உயர்த்தினார். நான் நின்றேன்.

"முழிச்சப்போ எப்டி இருந்துச்சு?" என்று அண்ணி கேட்டார். கேட்டது அவ்வளவுதான்.

"சந்தோஷமா இருந்துச்சு அத்த. அதான் பயமா கீது."

அண்ணி இன்னொரு இறாலை எடுத்தார். "இந்த வயசுல மனசு யாரையாச்சும் புடிச்சிக்கும். பகல்ல வெக்கப்பட்டு ஒளிச்சி வெக்கிறது ராவுல வந்து நிக்கும். கனா வர்றதால நீ அத செய்யப்போறேன்னு அர்த்தமில்ல, நடக்கப்போவுதுன்னும் இல்ல. பாவம்னா தெரிஞ்சு, வேணும்னு செய்யணும். தூங்கறவ இன்னா செய்வா?"

பிறகு, அதே குரலில், ஆனால் இந்த முறை அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "முழிச்சிகினு இருக்கும்போது யாராச்சும் உன்ன தொட்றாங்களா, மெரட்றாங்களா? அது கனா இல்ல. அத சொல்லிடணும், எப்ப வேணா."

இல்லை என்றாள். அண்ணி அவளை நம்பினார், மறுபடி கேட்கவில்லை. மத்தியானம் யாரோடு சாப்பிடுகிறாய் என்று பேச்சை மாற்றினார். அப்போதுதான் வந்தது அழுகை. கூடவே இருந்த இரண்டு தோழிகள் வேறு கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்களாம், சில வாரங்களாக இவள் தனியாகத்தான் சாப்பிடுகிறாளாம். பெற்றவள் நான் பாவத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், பிள்ளை டிபன் பாக்ஸோடு தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

போகும்போது அண்ணி என்னிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பெயர் கேட்காதே. கனவுக்குப் பலன் பார்க்காதே. சொந்தத்தில் சிரிப்புக் கதையாகச் சொல்லிவிடாதே, ஒரு தடவை சிரித்தால் அப்புறம் வாய் திறக்கமாட்டாள். விழித்துக் கிடக்கக் கிடக்கத் தூக்கம் கெட்டு இன்னும் மோசமான கனவுதான் வரும், நேரத்துக்குப் படுக்கவிடு. பகலிலும் பயம் விடாமல் இருந்தால் மனநல டாக்டரிடம் போகலாம், அதில் வெட்கம் இல்லை. வீட்டுக்காரரையும் அவரே சமாளித்தார். விஷயம் காதில் விழுந்து, "யாரு பையன்?" என்று இவர் எகிறியபோது, "பதினஞ்சு வயசுல தூக்கத்துல நீ யார் பேர சொல்லிகினு இருந்தேன்னு இப்ப சொல்லட்டா, நைனா?" என்றார். கண்டெய்னர் யார்டையே அதட்டி வேலை வாங்கும் மனுஷன், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆனால் பயம் சொன்னவுடன் போய்விடுகிறதா? மறுநாள் பூசையில் வரிசை கிளம்பியபோது என் மகள் மறுபடி தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு, எழுந்திரு என்று அவள் தோளைப் பிடித்து இழுக்கத் தோன்றியது. அப்போது முன்பெஞ்சில் இருந்த அண்ணி எழுந்தார். நற்கருணைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். வரிசைக்கு எதிராக நடந்து வந்து, என் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்குகிற மாதர் சங்கத் தலைவி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கோயிலே திரும்பிப் பார்த்தது. என்ன பேசுவார்கள் என்று அண்ணிக்குத் தெரியாதா? அவர் பாட்டுக்குப் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து அவளுக்கும் நீட்டினார். எழுந்திரு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வந்து உட்கார்ந்தார். அதற்கும் அடுத்தது ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறு. என் மகள் தானாக எழுந்தாள், அண்ணி அவள் பின்னால் போய் நின்றார்.

கனவில் அவளைப் பிடித்த அந்தக் கை யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பயம் என்னைவிட்டுப் போகவும் இல்லை. பையன் முகம் வாடினால் இப்போதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அண்ணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது தைரியம் என்று சொன்னால் பொய். பயந்துகொண்டே, கேள்வி கேட்காமல், பிள்ளை பக்கத்தில் போய் உட்காரத் தெரிந்துகொண்டேன்.