மாடி வகுப்பின் நிபந்தனை

ஜெயம் எங்கள் பள்ளிக்கூடத்து கிளார்க். மயிலத்திலிருந்து பஸ்ஸில் திண்டிவனம் வருவாள். இருபது வருஷத்தில் யாரிடமும் அவள் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நான் அங்கே ஆயா. பெருக்குவதும் மாடிச் சாவியும் என் பொறுப்பு.

போன ஐப்பசியில், பழைய கட்டடத்து மாடியில் வகுப்பை நடத்தலாமா என்று கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் மெயிலிலேயே ஒரு மாதம் பேசி முடித்தார்கள். மொத்தம் நாற்பத்தாறு மெயில். அதைத் தீர்மானமாக எழுதிக் கோப்பில் வைக்கச் சொன்னார் செயலாளர் கோதண்டபாணி.

ஜெயம் செயலாளரின் ஆபீஸ் மெயிலிலிருந்து எல்லாவற்றையும் அச்செடுத்துத் தேதிவாரியாக அடுக்கினாள். என்ன முடிவு, என்ன காரணம், வாடகைக்கு மண்டபம் பிடிக்கும் யோசனையை ஏன் கைவிட்டார்கள் என்று எழுதிக்கொண்டே வந்தவளின் கை ஓரிடத்தில் நின்றுவிட்டது. இஞ்சினியர் நெடுஞ்செழியனின் பதில் செயலாளருக்கு மட்டும் வந்திருந்தது. உத்திரத்துக்கு இரும்பு முட்டு கொடுத்த பிறகே பிள்ளைகளை மாடியில் உட்கார வைக்கலாம் என்று அதில் இருந்தது. இஞ்சினியர் சரியென்று சொல்லிவிட்டார் என்பதை மட்டும்தான் செயலாளர் மற்ற நால்வருக்கும் அனுப்பியிருந்தார். அதை நம்பியே அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

முட்டு வரவில்லை. மாடியில் உதிர்ந்த காரையைத் தினமும் நான்தான் அள்ளிக்கினு இருந்தேன்.

“‘இஞ்சினியர் ஒப்புதலோட’ன்னு ஒரு வரி போட்டு ஜல்தியா முடிம்மா” என்றார் செயலாளர்.

“அவரு வச்ச நிபந்தனைய வுட்டுட்டா, அது அவரு குடுத்த ஒப்புதல் இல்லீங்க சார்.”

“அப்ப நீயே கமிட்டியில வந்து உக்காந்துக்கோ.”

கையெழுத்துக்கு முன் வரைவை எல்லோருக்கும் அனுப்பிச் சரிபார்க்கச் சொல்வது எங்கள் ஆபீஸ் வழக்கம். ஜெயம் நிபந்தனையோடு எழுதி, இஞ்சினியர் மெயிலையும் சேர்த்து ஐவருக்கும் அனுப்பினாள். கமிட்டியில் ஆரோக்கியசெல்வி அம்மாவும் பாண்டுரங்கனும், இது தெரியாமல் தந்த ஒப்புதல் செல்லாது என்று அன்றைக்கே பதில் போட்டார்கள். மற்ற இரண்டு பேரிடமிருந்து பதில் இல்லை.

சனிக்கிழமை மழை பிடித்தது. செயலாளர் என்னைக் கூப்பிட்டார். தீர்மானம் கையெழுத்தாகிற வரைக்கும் மெயிலில் ஒப்புக்கொண்டபடியேதான் நடக்கும், திங்கட்கிழமை வகுப்புக்கு மாடியைத் திறந்துவிடு என்றார்.

திங்கட்கிழமை விடிந்தும் மழை விடவில்லை. மாடியில் வாளியளவு காரை கிடந்தது. ஜெயத்திடம் போய்ச் சொன்னேன். அவள் வரைவின் அடியில் தேதியும் நேரமும் போட்டு, முட்டு இன்னும் பொருத்தப்படவில்லை என்று ஒரு வரி சேர்த்து, மறுபடியும் ஐவருக்கும் அனுப்பினாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

“அக்கா, சாவி எங்க?”

“எங்கிட்டதான்மா கீது.”

சாவியை மடியில் செருகிக்கொண்டேன். படிக்கட்டு அடியில் பிள்ளைகள் குடையை மடக்கிக்கொண்டு நின்றார்கள். நான் பூட்டிய மாடிக் கதவுக்கு முதுகு கொடுத்து, மயிலத்து முருகனை நினைத்துக்கொண்டு நின்றேன். வாசலில் செயலாளரின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.