கோலாட்டப் பாட்டின் மறுபாதி

பள்ளி நாளில் கிள்ளானில் என் மனைவியும் அவள் தோழியும் ஒரு கோலாட்டப் பாட்டை மாறி மாறிப் பாடுவார்கள். தோழி இப்போது பினாங்கில் இருக்கிறார். தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, மனைவி தன் வரிகளை மட்டும் பாடி, தோழியின் வரிகளுக்கு இடைவெளி விட்டு, காணொளிச் செயலியில் போட்டாள். தோழி டூயட் பொத்தானை அழுத்திப் பாடினால், இருவரும் திரையில் அருகருகே தெரிவார்கள்.

அவருக்கு முன்பே யாரோ அந்த இடைவெளியில் ஆடுபோலக் கத்தி டூயட் போட்டிருந்தார்.

மனைவி கோபத்தில் செயலியின் தனியுரிமை அமைப்புகளைத் திறந்தாள். டூயட், பிறர் காணொளியை வெட்டித் தன்னுடையதோடு ஒட்டும் ஸ்டிச் இரண்டையும், ஒருவரையொருவர் பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றினாள். ஆட்டுக்குரல் அழியவில்லை, புதிதாக அந்நியர் யாரும் சேர முடியாது, அவ்வளவுதான்.

மறுநாள் தோழி அழைத்தார்.

"டூயட் பட்டனே காணோம்டி. ஆட்டோட என்னையும் வெளிய தள்ளிட்டியா?"

"நீ என்னை ஃபாலோ பண்றல்ல?"

"நான் பண்றேன் லா. நீ பண்றியா?"

"தினமும் போன்ல பேசுறோமே, எதுக்குன்னு விட்டுட்டேன்."

மனைவி உடனே செயலியில் தோழியைப் பின்தொடர்ந்தாள். மாலையில் டூயட் வந்தது. பள்ளியில் பாடியது போலவே தோழி அரை அடி முந்திப் பாடினார்.

"பொறுடி," என்றாள் மனைவி, கைப்பேசியைப் பார்த்து.