நான் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம்

என் அக்காவைக் கொன்றது யார் என்று யாராவது கேட்டால், நான் பேராசிரியரைக் காட்ட மாட்டேன். அவர் நல்ல மனிதர். என்னைத்தான் காட்டுவேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது, போகட்டும்.

எழுபதுகளின் தொடக்கம். மடுல்சீமைப் பக்கத்து ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பள்ளிக்கூட ஆசிரியை. ஒரே கூடம், ஒரே கரும்பலகை, ஐந்து வகுப்பு. பதுளையில் கன்னியாஸ்திரீகளிடம் படித்ததால் எனக்கு இங்கிலீஷ் வரும். என்னைப் படிக்க வைத்தது அக்கா. அவள் பன்னிரண்டு வயதில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினாள், நான் புத்தகப் பையைத் தூக்கினேன். அதைச் சொல்லிக்காட்டுகிற சாதி இல்லை அவள். லயத்துக்கு, தொழிலாளர் குடியிருக்கும் அந்த வரிசை வீடுகளுக்கு, நான் போனால் கேலி மட்டும் செய்வாள்.

"வாங்க டீச்சரு, லயத்துக்குள்ள கால் வைக்கலாமா, சேறு ஒட்டிக்குமே!"

ஒரு நாள் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை ஆள் அனுப்பினார். பல்கலைக்கழகத்திலிருந்து உடலியல் பேராசிரியர் ஒருவர் வருகிறார், தொழிலாளர்களிடம் பேச அவருக்குத் தமிழ் தெரியாது, நான்தான் மொழிபெயர்க்க வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை என் இங்கிலீஷை அந்தத் தோட்டத்தில் யாரும் கேட்டதே கிடையாது.

பேராசிரியர் ஜீப்பில் வந்து இறங்கினார். ஒல்லியான சிங்கள மனிதர், சட்டைப் பையில் நாலு பேனா. கூட இரண்டு உதவியாளர்கள், ஒரு ஐஸ் பெட்டி, மரப்படி ஒன்று, மூச்சைப் பிடித்து வைக்க ஒரு ராட்சசப் பை. பெண்களைக் கூட்டுவதற்கு முன்னால் என்னை உட்கார வைத்து விளக்கினார். அந்த விளக்கம் இன்னும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

இந்தப் பெண்களில் பலருக்கு இரத்தம் குறைவு. கொக்கிப்புழு, போதாத சாப்பாடு, அடுத்தடுத்த பிரசவம், காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் பாதி இரத்தத்தோடு ஒரு பெண் எப்படிக் கூடையோடு மலை ஏறுகிறாள்? அதுதான் அவருக்குப் புரியவில்லை. சிவப்பணு பிராணவாயுவைச் சுமந்துபோய்த் தசைக்குக் கொடுக்கிறது. சுமை குறையும்போது, கையில் இருப்பதை அது கொஞ்சம் தாராளமாகவே விட்டுக் கொடுக்கிறதா, எவ்வளவு தாராளமாக? என் கரும்பலகையில் வளைவாக ஒரு கோடு போட்டார். பக்கத்தில், வலது பக்கம் தள்ளி, இன்னொரு கோடு.

"இதைக் கண்டுபிடித்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"எழுதுவேன். உலகத்தில் சில டசின் பேர் படிப்பார்கள். என்னைப்போல இதையே யோசித்துக்கொண்டிருப்பவர்கள்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் வைத்தியத்துக்கு உதவலாம், உதவாமலும் போகலாம். மருந்து கொடுத்துப் பார்க்கிற ஆய்வு வேறு வகை, அதைச் செய்கிறவர்கள் வேறு. இது அடிப்படை ஆய்வு. இதனால் அவர்களுக்கு நேரடியாக எந்தப் பலனும் கிடையாது. இதை அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்."

தெளிவாகச் சொல்லிவிடுங்கள் என்றார். பாவி நான்.

பெரட்டுக் களத்தில், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் அந்த இடத்தில், அறுபது பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். கையில் ஊசி போடுவாங்க, கொஞ்சம் இரத்தம் எடுப்பாங்க, படியில் ஏறி இறங்கணும், பையில் மூச்சு விடணும். கடைசியாக அந்த வாக்கியம் வந்தது. இதனால் உங்களுக்கு நேரடியாக எந்தப் பலனும் இல்லை.

நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் ஒருத்தியும் கை நீட்ட மாட்டாள், அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார், என் இங்கிலீஷும் அவரோடு போய்விடும். வேறு காரணம் எதுவும் இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும் என்று எத்தனையோ தடவை தேடிப் பார்த்திருக்கிறேன்.

"நல்லதுக்குத்தான் பண்றாங்க" என்று மட்டும் சொன்னேன்.

"மருந்து வருமா டீச்சரம்மா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"மொதல்ல பார்க்கட்டுமே" என்றேன்.

பெண்கள் வரிசையில் நின்றார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டை அமிலத்தில் விட்டு, பழுப்பு நிறமானதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, பக்கத்துக் கண்ணாடிக் குழாயின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து உதவியாளர் அளவு சொல்வார். பேரேட்டில் எழுதுவது என் வேலை. பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டும். ஒன்பது, எட்டு என்றுதான் வந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு ஏழு. அந்தப் பட்டியலிலேயே குறைந்த எண் அவளுடையதுதான். ஒரு சின்னப் பெட்டி அடிக்கும் 'டிக் டிக்' தாளத்துக்கு மரப்படியில் ஏறி இறங்கும்போது அவள் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள்.

"ஏண்டி, மலை ஏறுறது பத்தாதுன்னு பலகையும் ஏறச் சொல்றாரா உங்க ஐயா?"

பேராசிரியர் கல்நெஞ்சக்காரர் இல்லை. எட்டும் அதற்குக் கீழும் இருந்தவர்களுக்கெல்லாம் தோட்டத்து டிஸ்பென்சரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். போய் இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடச் சொன்னார். ஆனால் சாப்பிட ஆரம்பித்தவர்களை ஆய்வுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று என்னிடம் சொன்னார். நாள்பட்ட குறைவுக்குப் பழகிப்போன உடம்புதான் அவருக்கு வேண்டும், மாத்திரை போட்டால் அந்தப் பழக்கம் மாறிவிடும். "அதனால் ஒன்றும் மோசமில்லை, மாத்திரைதான் முக்கியம்" என்றும் சொன்னார்.

இதை மட்டும் நான் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். மாத்திரை போட்டால் பேரை வெட்டிவிடுவார்கள் என்றேன். நான் சொல்லாமல் விட்ட அந்த வாக்கியம் இல்லாமல் இந்த வாக்கியம் என்ன அர்த்தம் கொடுக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. பட்டியலில் பேர் இருந்தால்தான் பெரிய மருந்து வரும் என்று லயம் முழுக்க முடிவு கட்டிவிட்டது. டிஸ்பென்சரி மாத்திரை வயிற்றைப் புரட்டும், மலம் கறுத்துப் போகும், அதையா கட்டிக்கொண்டு அழுவது? பல்கலைக்கழகத்து மருந்து அப்படியா இருக்கும்!

நாலு மாதம் கழித்து இரண்டாவது தடவை வந்தார்கள். பட்டியலில் ஒரு பேர்கூடக் குறையவில்லை. பேராசிரியர் புருவத்தைத் தூக்கினார்.

"யாரும் மாத்திரை சாப்பிடவில்லையா? கேட்டுச் சொல்லுங்கள்."

கேட்டேன். எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். அக்காவைத் தனியாக இழுத்துக் கேட்டேன்.

"சீட்டை என்ன பண்ணினே?"

"தின்னுட்டுத்தான் இருக்கேன்டி. இவங்ககிட்ட சொல்லிராதே, பேரை வெட்டிருவாங்க."

நம்பினேன். அளவு அதே ஏழு. மாத்திரை சாப்பிடுகிறவளுக்கு ஏன் ஏறவில்லை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? அந்த எண்ணை என் கையாலேதான் எழுதினேன். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள் என்பதையும் மறைத்திருந்தாள். கர்ப்பிணிகளும் பட்டியலில் இருக்கக்கூடாது என்று நான்தானே சொல்லியிருந்தேன்.

அன்று சாயங்காலம் ஜீப் கிளம்பும்போது பேராசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலை முடிந்தது, இனி வர மாட்டோம் என்றார். இதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த தடவை மருந்தோடு வருவாங்களாம் என்று பெண்கள் பேசிக்கொண்டபோது சும்மா இருந்தேன்.

சில மாதம் கழித்து, வறண்ட கச்சான் காற்று வீசுகிற சமயம், அக்காவுக்கு வலி கண்டது. மத்தியானம் லயத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. குழந்தை நன்றாக அழுதது. அக்காவுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. தோட்டத்து லொறியில் மெத்தை போட்டுப் பதுளைக்குக் கொண்டுபோனோம். அவள் தலை என் மடியில் இருந்தது. முகம் வெளுத்து, உதடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"அந்த மருந்து வந்துச்சாடி?" என்று கேட்டாள்.

"வந்துரும்க்கா."

வழியில் பசறை வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. கூட வந்த டிஸ்பென்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இரத்தம் உள்ளவளா இருந்தா இந்தப் போக்கைத் தாங்கியிருப்பாம்மா" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார், பாவம்.

கருமாதிக்குப் பிறகு அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். திருமணச் சேலைக்கு அடியில் நாலாக மடித்தபடி அந்தச் சீட்டு இருந்தது. டிஸ்பென்சரியில் கொடுக்கவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்துத் தபாலில் ஒரு கட்டுரை வந்தது. பேராசிரியர் மறக்காமல் அனுப்பியிருந்தார். எனக்குப் பாதி புரியவில்லை. ஒரு படம் மட்டும் புரிந்தது. கீழே இரத்த அளவு, பக்கவாட்டில் சிவப்பணு விட்டுக்கொடுக்கும் அளவு, நடுவில் புள்ளிகள். பேர் எதுவும் இல்லை. இடது ஓரத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு புள்ளி தனியாக நின்றது. ஏழு. இருப்பது மிகக் குறைவு, கொடுப்பது மிக அதிகம். அந்தக் காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்திலேயே வாய்விட்டு அழுதேன். பிள்ளைகள் பயந்துபோனார்கள்.

தோட்டம் அரசாங்கத்துக்குப் போய்ச் சில வருஷங்களுக்குப் பிறகு இன்னொரு குழு வந்தது. இந்தத் தடவை ஒரு பெண் டாக்டர். திரும்பவும் மொழிபெயர்ப்புக்கு நான். அவருடைய ஆய்வு வேறு. பெண்களுக்கு ஆறு மாதம் மாத்திரை கொடுப்பார்கள். பாதிப் பேருக்கு இரும்பு, பாதிப் பேருக்குப் பார்க்க அதேபோல இருக்கும் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் யார் பறித்த கொழுந்து எடை கூடுகிறது என்று பார்ப்பார்கள். அறிக்கை தோட்ட நிர்வாகத்துக்குப் போகும். பலன் தெரிந்தால் எல்லாருக்கும் மாத்திரை கொடுக்க வைக்கலாம்.

"இவர்கள் உடம்புக்காக என்று சொன்னால் நிர்வாகம் கேட்காது, கிலோக்கணக்கில் காட்டினால் கேட்கும்" என்றார். கைப்பையிலிருந்து பேராசிரியரின் கட்டுரையை எடுத்தார். இது இல்லாவிட்டால் எந்த அளவுக்குக் கீழே இருப்பவர்களைச் சேர்ப்பது என்று தெரிந்திருக்காது என்றார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அதே பெரட்டுக் களம். நான் முதலில் அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

"முன்னே ஒருதரம் இரத்தம் எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? அப்ப அந்த ஐயா, இதனால உங்களுக்கு ஒரு பலனும் இல்லை, தெரிஞ்சுக்கிறதுக்கு மட்டும்தான்னு சொன்னாரு. நான் அதைச் சொல்லாம விட்டுட்டேன். இப்ப இந்தம்மா சொல்றதுல ஒரு சொல்லும் விட மாட்டேன். பாதிப் பேருக்கு வெறும் மாத்திரைதான். அது யாருன்னு யாருக்கும் தெரியாது. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம்."

அக்காவோடு ஒரே மலையில் கொழுந்து பறித்தவள் ஒருத்தி முன்னால் வந்தாள்.

"அப்பவே இதைச் சொல்லியிருந்தா அவ மாத்திரை தின்னிருப்பாளே டீச்சரு" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அவள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு விரலை நீட்டினாள். நான் பேரேட்டைத் திறந்து அவள் பேரை எழுதினேன்.