நம்பரை மூடிய பகல்

எட்டாவதோடு என் படிப்பு முடிந்தது. கேபிள் டிவிக்கு வயர் இழுத்தேன். ஃபைபர் வந்தது, அதையும் இழுத்தேன். இப்போது நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டி வரைக்கும் நெட் கொடுக்கிறேன். வீடு, கோழிப்பண்ணை, லாரி ஆபீஸ் என்று ஆயிரக்கணக்கில் இணைப்பு. மேலே ஒரு பெரிய கம்பெனி எனக்குக் கொடுக்கிறது. நான் பிரித்துக் கொடுக்கிறேன்.

அன்று காலை வெயில் ஏறும் நேரம். ஆபீஸில் நான் மட்டும். மேலிருந்து வரும் லைன் முட்டிப்போனது. திரையில் கோடு உச்சியில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கவில்லை. ஊர் முழுக்க நெட் நின்றது. போன் அடிக்க ஆரம்பித்தது. எடுத்தால் கெட்ட வார்த்தை.

பார்த்தேன். எல்லாம் ஒரே நம்பருக்கு வந்துகொண்டிருந்தது. என்னிடம் இணைப்பு வாங்கியிருக்கும் லாரி முதலாளி ஒருவருடைய சர்வர் நம்பர், நெட்டில் அதன் விலாசம். அவர் வண்டிகளில் உள்ள ஜிபிஎஸ் பெட்டிகள் எல்லாம் அந்தச் சர்வருக்குத்தான் பேசும். வண்டி எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்று அவர் ஆபீஸில் மேப்பில் தெரியும். இப்படி வேண்டாததை எல்லாம் வெள்ளமாகக் கொட்டி அதை அடித்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

இதற்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். பிளாக்ஹோல். "இந்த நம்பருக்கு வருவதை எல்லாம் உங்கள் வாசலிலேயே கொட்டிவிடுங்கள்" என்று மேல் கம்பெனிக்கு ஒரு ரூட் அனுப்புவது. நல்லது கெட்டது பார்க்காது. நம்பர் வெளி உலகத்துக்குச் செத்துப்போகும். மற்றவர்கள் பிழைப்பார்கள்.

அனுப்பினேன். கோடு விழுந்தது. ஊருக்கு நெட் வந்தது. முதலாளிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வேறு வேலை பார்த்தேன், மத்தியானம் சாப்பிடப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது கதவை உதைத்துக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான். கையில் டயர் லீவர். பின்னால் முதலாளி மூச்சு வாங்க ஓடிவந்தார். வந்தவனை எனக்குத் தெரியாது. கேட்பதற்குள் என் வாயில் குத்தினான். பல் ஒன்று நாக்கில் விழுந்தது.

"எங்க மாமன அங்க அடிச்சுக் கொல்றானுங்க. நீ இங்க தின்னுபோட்டு வாரியாடா?"

முதலாளி அவனை இழுத்துப் பிடித்தார். அவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. வடக்கே காப்பர் லோடு ஏற்றிப் போன வண்டியை மறித்துவிட்டார்கள். டிரைவர் மச்சானுக்குப் போன் போட்டிருக்கிறார். "மறிச்சுட்டானுங்க" என்ற ஒரு சொல். பிறகு கண்ணாடி உடைகிற சத்தம். பிறகு அடி விழுகிற சத்தம். பிறகு போன் இல்லை. அந்த மச்சான்தான் இவன்.

முதலாளி மேப்பைப் பார்த்து அந்த ஊர் போலீசுக்கு இடம் சொல்லியிருக்கிறார். போலீஸ் போய்ப் பார்த்தது. அங்கே ஒரு பெட்ரோல் பங்க். வண்டியும் இல்லை, ஆளும் இல்லை.

"மேப்பு தெறக்குதுங்க," என்றார் முதலாளி. "வண்டியும் தெரியுதுங்க. ஆனா ரொம்ப நேரமா ஒண்ணுகூட நகரலீங்க. எல்லா வண்டியும் காத்தால நின்ன எடத்துலயே நிக்குதுங்க."

எனக்கு உடனே புரிந்தது. அவர் ஆபீஸும் சர்வரும் என் லைனுக்கு உள்ளேயே இருக்கின்றன. அவருக்கு மேப் திறக்கும். ஆனால் வெளியிலிருந்து வரும் ஜிபிஎஸ் பேச்சை மேலேயே கொட்டச் சொன்னவன் நான். போலீஸ் போன இடம், நான் நம்பரை மூடியபோது வண்டி இருந்த இடம்.

"நாந்தானுங்க மூடினேன்," என்றேன்.

மச்சான் லீவரை ஓங்கினான். முதல் அடி பக்கத்து மேசை மானிட்டரில். இரண்டாவது அடிக்கு ரூட்டர் இருக்கும் ரேக் பக்கம் திரும்பினான். நான் குறுக்கே நின்றேன். தோளில் விழுந்தது. கை மரத்துப்போனது.

"என்னைய அடி. இத ஒடச்சேன்னா உங்க மாமன் எங்கயிருக்காருன்னு எவனுக்கும் தெரியாது."

லீவர் இறங்கவில்லை, மேலே தூக்கியபடியே நின்றது.

முதலாளி, "வேற நம்பர் குடுங்க, மாத்திக்கலாம்," என்றார். முடியாது. பெட்டிகளில் சர்வரின் பெயரைப் போடாமல் நம்பரையே போட்டு வைத்திருந்தார்கள். மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு வண்டியாகப் போய் மாற்ற வேண்டும். அந்த வண்டி நம் கையில் இல்லை.

பிளாக்ஹோலை எடுத்தால் அடி திரும்ப வரும். லைன் முட்டும். அப்போதும் ஜிபிஎஸ் வராது. என் ரூட்டரில் தடுத்தும் பயன் இல்லை, என்னிடம் வந்து சேர்வதற்குள் லைன் நிறைந்துவிடும். மேலேதான் தடுக்க வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் தடுக்கக் கூடாது.

மேல் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு பொண்ணு. இரண்டு மூன்று முறை பேசியிருக்கிறேன். வாயில் ரத்தத்தோடு சொன்னேன்.

"அண்ணா, ஃப்ளோஸ்பெக் பேசலாம்னு முன்னாடியே சொன்னேன்ல? நீங்க எடுத்துக்கல. உங்க நம்பருக்கு எது வரணும், எது வரக் கூடாதுன்னு நீங்களே ரூல் அனுப்பலாம். எங்க வாசல் ரூட்டர் எல்லாம் அதைப் பிடிச்சுக்கும். உங்களோட நம்பருக்கு மட்டும்தான் ஏத்துக்குவோம்."

"இப்ப போடலாமா சாமி?"

"என் பக்கம் ரெடி. உங்க பக்கம் போட்டா நம்ம ரெண்டு ரூட்டரும் பேசிக்கற செஷன் ஒரு தடவை அறுந்து வரும். ஊரே கட் ஆகும், பரவாயில்லையா?"

போட்டேன். ஊர் கட் ஆனது. மேசை மேலிருந்த போன்கள் எல்லாம் ஒன்றாக அலறின. மச்சான் ஒன்றை எடுத்துச் சுவரில் அடித்தான். செஷன் திரும்பி வந்தது. பிளாக்ஹோலும் அதோடு வந்தது.

"என்ன வருது அண்ணா?"

வருவது எல்லாம் யூடிபி, அனுப்புவது யார் என்று சரிபார்க்காமல் வந்து விழும் வகை. எவனோ எங்கள் நம்பரைப் பொய்யாகப் போட்டு ஊர் உலகத்துச் சர்வர்களிடம் எல்லாம் கேள்வி கேட்கிறான். பதில்கள் எங்கள் தலையில் விழுகின்றன. புறப்படுகிற போர்ட், அதாவது கதவு எண், ஐம்பத்து மூன்று, நூற்று இருபத்து மூன்று: முதலாவது பெயருக்கு நம்பர் சொல்லும் டிஎன்எஸ், அடுத்தது மணி சொல்லும் சர்வர். சின்னக் கேள்வி, பெரிய பதில்.

"யூடிபியவே மொத்தமா அடிச்சிடலாமா?" என்றாள்.

"வேண்டாம். ஜிபிஎஸ் பெட்டியும் யூடிபிலதான் பேசும்."

"நல்லதாச்சு, கேட்டேன். அப்ப புறப்படற போர்ட்ட மட்டும் பிடிப்போம். உங்க பெட்டி எல்லாம் பெரிய நம்பர் போர்ட்லருந்து வரும், அது சிக்காது. அந்தச் சர்வர் மத்த பேருக்கெல்லாம் நம்பர் எங்க கேக்குது?"

"என் உள் டிஎன்எஸ்லதான். மேல போகாது."

"அப்ப ஒண்ணும் கெடாது. போடுங்க."

அவள் சொல்லச் சொல்ல ஒரு கையால் டைப் பண்ணினேன். இந்த நம்பருக்கு, யூடிபி, இந்தப் போர்ட்டுகளிலிருந்து வந்தால் கொட்டு. அவள் பக்கம் ரூல் ஏறியதா என்று பார்த்துச் சொன்னாள். பிறகுதான் பிளாக்ஹோலை எடுத்தேன்.

கோடு மறுபடி உச்சிக்குப் போனது.

மச்சான் என் கழுத்தைப் பிடித்தான். சுவரோடு வைத்து அழுத்தினான். "ஏமாத்தறியாடா? எங்கக்கா தாலிய நீ அறுக்கறியா?" கண் இருண்டது. போன் ஸ்பீக்கரில் அந்தப் பொண்ணு கத்திக்கொண்டிருந்தது எங்கேயோ தூரத்தில் கேட்டது.

"துண்டு! அண்ணா, துண்டா வருது!"

முதலாளி அவன் முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினார். செருப்பால் அடித்தார். "அவஞ் செத்தா உன் மாமனும் செத்தான்டா, முட்டாப்பயலே!"

நான் இருமிக்கொண்டே அவள் சொல்வதைக் கேட்டேன். பெரிய பதில் ஒரே பொதியாக வராது. உடைந்து துண்டு துண்டாக வரும். முதல் துண்டில்தான் போர்ட் எழுதியிருக்கும். பின்னால் வரும் துண்டுகளில் இருக்காது. நான் போட்ட ரூல் போர்ட்டைப் பார்த்து முதல் துண்டை மட்டும் பிடித்தது. மற்றவை நுழைந்துவிட்டன.

"பெட்டி அனுப்பறது சின்னதா இருக்கும்ல? அது துண்டாகாதுல்ல?" என்றாள்.

"ஆகாது."

"அப்ப இன்னொரு ரூல். இந்த நம்பருக்கு யூடிபி துண்டு எது வந்தாலும் கொட்டு."

போட்டேன். எண்டர் அடித்த விரலில் ரத்தம் ஒட்டியிருந்தது. கோடு சரிந்தது. கல்லைத் தூக்கி எறிந்த மாதிரி விழுந்தது. ஊருக்கு நெட் வந்தது. நம்பரும் உயிரோடு இருந்தது.

முதலாளி போனில் மேப்பைத் திறந்தார். வண்டிகள் நகர்ந்தன. பதில் கிடைக்காதவரை அந்தப் பெட்டிகள் போன வழியை எல்லாம் உள்ளேயே சேர்த்து வைத்திருக்கும். அந்தக் காப்பர் வண்டியின் புள்ளிகள் வரிசையாகக் கொட்டின. பெட்ரோல் பங்க். அதற்கு வெகுதூரம் தள்ளி ரோட்டில் ஒரு நிறுத்தம். பிறகு மண்பாதை. ஒரு வாய்க்கால் கரையில் நின்றிருக்கிறது. பிறகு ஓர் ஊர்க் குடோன். அங்கேயே இப்போதும் நிற்கிறது.

"குடோன்ல இருக்குது! லோடு இருக்குது!" முதலாளி போலீசுக்குப் போன் போட்டார்.

மச்சான் தரையிலிருந்து எழுந்து வந்து திரையில் விரல் வைத்தான். வாய்க்கால் மேல்.

"இங்க எதுக்குங்க நின்னுச்சு?"

"அத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல குடோன்."

லீவர் கீழே கிடந்தது. அவன் எடுத்தான். இந்த முறை முதலாளியின் தொண்டையில் வைத்து அழுத்தினான்.

"காப்பரு அப்புறம் வரட்டும். வாய்க்காலச் சொல்லுங்க."

முதலாளி தனக்குத் தெரிந்த இந்தியில் போலீசுக்கு வாய்க்காலைச் சொன்னார். லீவர் எடுக்கப்படவில்லை. இரண்டு முறை சொன்னார்.

டிரைவர் வாய்க்கால் கரையில்தான் கிடந்தார். லோடு கட்டும் கயிற்றாலேயே கைகால் கட்டியிருந்தார்கள். தாடை உடைந்திருந்தது. ஒரு கண் போயிருந்தது. வெயிலில் நாக்கு வீங்கியிருந்தது. உயிர் இருந்தது. குடோனில் வண்டி கிடைத்தது, லோடில் பாதி போயிருந்தது.

அடி மறுநாளும் நிற்கவில்லை. ரூல் அப்படியே கிடந்தது. வருவதெல்லாம் மேல் வாசலில் விழுந்து செத்துக்கொண்டிருந்தது. அந்தப் பொண்ணு கணக்குப் பார்த்துச் சொல்லும். பிறகு அடித்தவனே அலுத்துப்போனான். நான் ரூலை எடுத்தேன்.

சில மாதம் கழித்து டிரைவர் ஆபீசுக்கு வந்தார். கூட மச்சான். அவன் என் வாயைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான்.

டிரைவர் ஒட்டிவைத்த தாடையோடு மெதுவாகப் பேசினார்.

"என்னைய எறக்கிப் போட்டப்ப நம்பரு மூடித்தான் இருந்துச்சுங்களா?"

"ஆமாங்க."

"வாய்க்கா மேட்டுல போலீஸ் ஜீப்பு ஒண்ணு போச்சுங்க. கூப்புடப் பாத்தேன், வாய் வரல. பெட்ரோல் பங்க்குக்குப் போற ஜீப்பு போலருக்குது."

"இருக்குமுங்க."

அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். நல்ல கண் பக்கம் தெரிவதற்காகத் தலையைத் திருப்பி வைத்திருந்தார்.

"மறுபடி ஓட்டறீங்களா?" என்று கேட்டேன்.

"எங்கீங்க ஓட்டறது? ஒத்தக் கண்ணுக்கு லைசென்ஸ் குடுக்க மாட்டேங்கறானுங்க. முதலாளி ஆபீஸ்ல மேப்புப் பாக்கச் சொல்றாருங்க. போலாம்னு இருக்கறேன்."

போகும்போது தன் போனில் என் நம்பரைப் பதிய வைத்துக்கொண்டார். "மூடறதுன்னா எனக்கு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு மூடுங்க," என்றார்.

அதற்குப் பிறகும் அடி வந்திருக்கிறது. முதலில் அவருக்குத்தான் போன் போடுகிறேன். ஒரே மணியில் எடுத்துவிடுவார்.