எதற்காக என்று கேட்ட மாலை

சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் நான் தயாரிப்புத் திட்டம் பார்க்கிறேன். தை பிறந்து சீசன் ஓய்ந்திருந்த ஒரு மாலையில் முதலாளியிடமிருந்து மீட்டிங் அழைப்பு வந்தது. மறுநாள் காலை பதினோரு மணி, அவருடைய அறை. தலைப்பு என்ற இடத்தில் ‘டிஸ்கஷன்’ என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரியும் இல்லை. அழைக்கப்பட்டவர்கள் மூன்று பேர்: நான், கணக்குப் பிரிவு மேலாளர், பைண்டிங் சூப்பர்வைசர்.

சூப்பர்வைசர், பக்கத்தில் எம். புதுப்பட்டி என்ற ஊரிலிருந்து வருகிற பெண். பட்டாசு வேலையை விட்டுவிட்டு எங்களிடம் தாள் அடுக்கச் சேர்ந்து, அந்தப் பிரிவுக்கே பொறுப்பாக வந்தவள். போனில் அழைப்பைப் பார்த்ததுமே ‘வருகிறேன்’ என்பதை அழுத்திவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

“என்ன விசயமாம்க்கா? ஃபேன் கேட்டிருந்தோம்ல, அதுக்குத்தான் கூப்புடுதாகளோ?”

தெரியவில்லை என்றேன். ஆனால் மனம் உறுத்தியது. ஃபேன் வாங்குவதற்குக் கணக்கு மேலாளரை உட்கார வைத்துப் பேச வேண்டியதில்லை. அந்த வாரம் தாள் அடுக்கும் மெஷின் கம்பெனிக்காரர்கள் இரண்டு முறை வந்து பைண்டிங் கூடத்தை அளந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அவள் போனதும் அழைப்பைத் திறந்தேன். ‘வருகிறேன்’, ‘வரவில்லை’ இரண்டையும் தொடவில்லை. முதலாளிக்கு மட்டும் பதில் எழுதினேன்: “அந்த நேரம் எனக்குத் தோதாக இருக்கிறது. கூட்டம் எதைப் பற்றியது, அதில் என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று ஒரு வரி சொன்னால், வேண்டிய விவரங்களோடு வருவேன். தெரிந்தபின் உறுதி செய்கிறேன்.” எழுதிய பிறகும் அனுப்பக் கை வரவில்லை. எங்கள் ஊரில் முதலாளி கூப்பிட்டால் போவதுதான் வழக்கம். எதற்கென்று கேட்டால் எதிர்த்துப் பேசுவதாக எடுத்துக்கொள்வார்கள். ஆனாலும் அனுப்பினேன்.

பதில் வரவில்லை. கிளம்பப் பையை எடுத்தபோது அவரே போனில் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. மெஷின் வருகிறது, பைண்டிங் பிரிவை இந்த மாதத்தோடு நிறுத்துவதாக இருக்கிறேன், கணக்கு மேலாளருக்குத் தெரியும் என்றார். அதை எழுத்தில் போட மனசு வரவில்லையாம்.

“நேர்ல பக்குவமாச் சொல்லிக்கலாம்னு நெனச்சேம்மா.”

எடுத்த பையை மேசையில் வைத்தேன். பிறகு சொன்னேன்: “அண்ணாச்சி, அந்தப் பிள்ளை ஃபேனுக்குன்னு நெனச்சு வாரா. நம்ம மூணு பேருக்கும் தெரிஞ்ச விசயம் அவளுக்கு மட்டும் தெரியாம அங்கன உக்காரக் கூடாது.”

“பாப்போம்மா” என்று போனை வைத்துவிட்டார். நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அதே அழைப்பு திருத்தப்பட்டு எல்லோருக்கும் வந்தது. “மெஷின் வருவதால் பைண்டிங் பிரிவை நிறுத்துவது பற்றி. எப்போது, யாருக்கு வேறு வேலை என்று பேச.” அதைப் படித்துவிட்டுத்தான் ‘வருகிறேன்’ என்று அழுத்தினேன்.

அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சற்றுப் பொறுத்து அவளே கூப்பிட்டாள். அழவில்லை. கூட இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று மட்டும் கேட்டாள். முதலாளியிடம் கேட்டு எழுது, யார் வருகிறார்கள், எதற்கு என்றும் சேர்த்து எழுது என்றேன். எழுதினாள். அவரும் சம்மதித்தார்.

மறுநாள் மூன்று பெண்களும் தலை வாரி, பூ வைத்து, கல்யாண வீட்டுக்கு வருவது போல வந்தார்கள். எனக்கு அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. பேச்சை அவள்தான் தொடங்கினாள். பிள்ளைகளுக்கு இந்த வருஷப் பள்ளிக்கூடம் முடியும்வரை வேலை வேண்டும் என்றாள். பேக்கிங்கிலும் மெஷினிலும் யார் யார் நிற்க முடியும் என்று ஒவ்வொருவராகச் சொன்னாள். திரும்பப் பட்டாசுக்குப் போக முடியாதவர்கள் யார் என்பதையும் சொன்னாள். அவர்களில் ஒருத்தியின் அக்கா ஒரு வெடி விபத்தில் போனவள். அதைச் சொன்னபோது முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

பிரிவு நிற்காமல் போகவில்லை. கோடை விடுமுறை வரை தள்ளிப்போனது, அவ்வளவுதான். பாதிப் பேருக்கு உள்ளேயே இடம் கிடைத்தது. மற்றவர்களில் சிலர் தீப்பெட்டி வேலைக்குப் போனார்கள். அக்காவைப் பறிகொடுத்தவளுக்குப் பேக்கிங்கில் இடம் கொடுத்தார்கள்.

நான் கேட்காமல் இருந்திருந்தால் அந்த ஓர் இரவாவது அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள் என்று பல நாள் நினைத்ததுண்டு. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அதை அவளிடமே சொல்லிவிட்டேன். தூக்குச்சட்டியை மூடிக்கொண்டே சொன்னாள்:

“தூங்கலதான்க்கா. விடிய விடிய பைண்டிங் புள்ளைக ஒவ்வொருத்தி வீடாப் போயி கேட்டேன், உனக்கு என்ன வேணும்னு. கேக்காமப் போயிருந்தா அவுகளுக்காக நான் என்னத்தப் பேசியிருப்பேன்?”