சராசரி மட்டம்

என் வேலையின் பெயரில் 'சராசரி' என்றும் 'மட்டம்' என்றும் இரண்டு சொற்கள் உண்டு. நான் சராசரி கடல் மட்டம் பார்ப்பவன். கல்யாணப் பேச்சு எடுத்த அன்றே என் மாமனார் இரண்டு சொற்களையும் தனித்தனியாக என்னைக் குறித்துச் சொல்லிவிட்டாராம். மனைவி அதை இன்றும் நினைவூட்டுவாள். நான் மறுத்ததில்லை; மனிதரை அளக்கத் தெரிந்தவர்.

துறைமுக மேடையின் முனையில் ஒரு தகரக் கொட்டகை என் அலுவலகம். அதன் தரையிலிருந்து ஒரு தடித்த குழாய் கடலுக்குள் இறங்குகிறது. அடியில் சிறு துளைதான் இருக்கிறது; அலையின் துள்ளல் அதற்குள் நுழையாது, ஏற்றமும் இறக்கமும் மட்டும் மெல்ல நுழையும். உள்ளே மிதவை உயர்ந்து தாழ, கருவி அதைப் பதிந்துகொள்ளும். வெளியே தூணில் ஒரு அளவுகோல். கருவியும் கோலும் ஒரே பேச்சுப் பேசுகின்றனவா என்று பார்ப்பது என் கடமை. பேசும். நான் உடனிருக்கும்போது ஒத்துப்போகிற ஜோடி இது ஒன்றுதான்.

ஒருநாள் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். கடலை வானிலிருந்து அளப்பவர் என்பதால் மனதுக்குள் அவருக்கு 'மேல்மாடி' என்று பெயர் வைத்தேன். அவருடைய செயற்கைக்கோள் கடலின் மேல் ரேடார் துடிப்பை விட்டு, அது திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். பூமியின் மையத்திலிருந்து தான் இருக்கும் உயரத்தில் அந்தத் தூரத்தைக் கழித்தால், மிச்சம் கடலின் உயரம்.

"எங்க கணக்குல இந்தப் பக்கத்துக் கடல் வருஷத்துக்கு மூணரை மில்லிமீட்டர் ஏறுது சார். உங்க குழாய் ஏழுங்குது. ரெண்டுல ஒண்ணு உளறுது."

"அவ்வளவு உயரத்துல இருந்து பார்த்தா எல்லாமே சின்னதாத்தான் தெரியும் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. "எங்க கருவி தடம் மாறுதான்னு சோதிக்க, ஊர் ஊரா இருக்கிற இந்த மாதிரி குழாய்களைத்தான் நம்பியிருக்கோம். அதுல உங்களோடதை வச்சுக்கறதா, தூக்கிடறதான்னு இப்ப முடிவு பண்ணணும்."

என் உழைப்பு முழுவதும் அந்தக் குழாய்க்குள் கிடக்கிறது. தூக்கினால் அதையும் சேர்த்துத்தான். எனவே மார்பை நிமிர்த்தினேன். "வருஷா வருஷம், உயரம் குறிச்சுப் பதிச்ச பித்தளைக் குறியோட ஒப்பிட்டு மட்டம் பார்க்கிறோம். கொட்டகை ஒரு மயிரிழைகூட இறங்கல."

"குறி எங்க இருக்கு?"

"இதோ, இதே மேடைலதான்..." என்று கையை நீட்டியவன் நீட்டியபடியே நின்றேன்.

"ஒரே படகுல உக்காந்துக்கிட்டு, 'நீயும் முழுகல, நானும் முழுகல'ன்னு ரெண்டு பேர் சொல்லிக்கிற மாதிரி இருக்கு சார்."

கலங்கரை விளக்கின் அடியில், பாறையில் பதித்த ஒரு குறி இருந்தது. எனக்கு முன்னிருந்தவர் பதினைந்து ஆண்டுக்கு முன் அதிலிருந்து துறைமுகம்வரை, வழியிலுள்ள குறிகளையும் சேர்த்து அளந்த கணக்கு இருந்தது. பாறை அசையவில்லை என்று அங்கே ஆராய்ச்சி நிலையம் பொருத்தியிருந்த ஜி.பி.எஸ். சொல்லியது. அங்கிருந்து துறைமுகம்வரை மறுபடி மட்டம் பார்ப்பது என்று முடிவாயிற்று. நான் மட்டம் பார்க்கும் கருவியில் கண் வைத்தேன். வானத்திலிருந்து அளப்பவர் வெயிலில் அளவுகோலை நிமிர்த்திப் பிடித்தார்.

வழியில் எங்கள் தெரு. தபால் நிலையச் சுவரில் ஒரு குறி, அதற்கு எதிரே என் வீடு. கடலை நிரப்பி எழுப்பிய தெரு அது. மாடி எடுக்க மேஸ்திரியை வரச்சொல்லியிருந்த மனைவி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். குறியின் பழைய அளவோடு புதியதை ஒப்பிட்டேன். இன்னொரு தடவை பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்தும் பார்த்தேன். பதினைந்து ஆண்டில் ஐந்தேகால் சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. துறைமேடையும் அவ்வளவே.

"குழாய் பொய் சொல்லல சார்!" மேடம் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூவினார். "கடல் மூணரை ஏறுது, தரை மூணரை இறங்குது. குழாய் தரைல நிக்குது, அதனால ஏழுங்குது. தரையைக் கழிச்சா ரெண்டும் ஒண்ணு. உங்க குழாய் நிலைச்சுடுச்சு. கொட்டகைல ஒரு ஜி.பி.எஸ். மட்டும் வச்சுடலாம்."

எனக்குப் பறக்காத குறை. அவர் போனதும் வீட்டுக்குள் ஓடினேன்.

"ஏழும் சரி, மூணரையும் சரி! என் கணக்கை வச்சுக்கிட்டாங்க!"

"நல்லது. அந்தச் சுவரை ஏன் முறைச்சு முறைச்சுப் பார்த்தீங்க?"

சொன்னேன்.

அவள் தரையைப் பார்த்தாள். "நம்ம வீடு இறங்குதுன்னு நிரூபிச்சுட்டு இந்த ஆட்டமா?"

"வேற வழியில இந்த மூணரை வராதும்மா."

"மேஸ்திரியை வரவேணாம்னு சொல்லிடுங்க. வித்துடலாம்."

"வாங்கறவங்ககிட்ட இதைச் சொல்லித்தான் விக்கணும்."

"சொன்னா எவன் வாங்குவான்?"

"கடல் மட்டம் பார்க்கிற இன்னொருத்தன்."

"அவனுக்கும் என்னை மாதிரி ஒருத்தி கிடைக்கணுமே" என்றபடி மேஸ்திரிக்கு அவளே போன் போட்டாள்.